சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தப் போறீங்களா? அந்த வாட்ஸ்அப் பாராவை ஒருமுறை செக் பண்ணுங்க!

திண்டிவனத்தில் உங்க காலேஜ் விழா. சிறப்பு விருந்தினர், சந்திரயான்-3 திட்ட இயக்குநராக இருந்த விழுப்புரம்காரர் ப. வீரமுத்துவேல் என்று வைத்துக்கொள்வோம். அவரை அறிமுகப்படுத்தும் வேலை உங்க தலையில் விழுகிறது. முந்தின நாள் ராத்திரி யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு பாரா அனுப்புறாங்க:

'இஸ்ரோவின் தலைவர், சந்திரயானின் தந்தை, உலகிலேயே முதன்முறையாக நிலவில் விண்கலத்தை இறக்கிய விஞ்ஞானி…'

இதை அப்படியே படித்தால் கைதட்டல் வரும். ஆனா ஒரு வரியில் மூன்று தப்பு. விருந்தினரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மைக்கைப் பிடித்ததும் அதைத் திருத்தினால் உங்களுக்குச் சங்கடம், திருத்தாமல் விட்டால் அவருக்குச் சங்கடம்.

ஒரு பேனா எடுங்க. பதவி, 'முதல்' மாதிரியான சொற்கள், தேதி, பட்டம் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுங்க. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது எங்கிருந்து வந்தது?' என்று எழுதுங்க. இஸ்ரோ வெப்சைட், நல்ல பத்திரிகைப் பேட்டி, விருந்தினரே அனுப்பிய குறிப்பு, இதில் ஏதாவது ஒன்றாவது இருக்கணும். 'குரூப்ல வந்துச்சு' என்றால் அந்த வரியை அடிச்சிடுங்க.

நம்ம பாராவுக்கு வருவோம். 2023-ல் நிலவில் இறங்கியபோது இஸ்ரோ தலைவர் சோமநாத். வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். இரண்டும் வேறு வேறு நாற்காலி. 'சந்திரயானின் தந்தை' என்று சொல்லும்போது, சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும், சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதாவும் காணாமல் போயிடுறாங்க. விருந்தினரைப் பெரிசாக்க நினைத்து, இன்னொருத்தர் உழைப்பை அவர் கையில் திணிக்கிறோம். மேடையில் அவர் நெளிவது இதுக்காகத்தான்.

'உலகிலேயே முதன்முறை' என்பதும் இல்லை. சோவியத் யூனியனின் லூனா-9, 1966-லேயே நிலவில் மெல்ல இறங்கிவிட்டது. அப்படி இறக்கிய நாடுகளில் இந்தியா நான்காவது. தென்துருவத்துக்கு அருகே இறக்கியதில்தான் முதலாவது. உண்மையே இவ்வளவு கெத்தா இருக்கும்போது, பொய் எதுக்கு?

ஒரு எச்சரிக்கை. நெட்டில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் 2023 ஆகஸ்ட்டோடு நின்றுபோனவை. இப்போதைய பதவி என்னவென்று விருந்தினரிடமே கேளுங்க. அப்பா, அம்மா, குடும்பம் பற்றிய தகவல் பேப்பரில் வந்திருந்தாலும், அவர் சரின்னு சொன்னால் மட்டும் சேருங்க.

அடுத்து நீளம். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, நின்றுகொண்டு, சத்தமாகப் படிங்க. மனசுக்குள் படித்தால் நேரம் குறைவாகத்தான் காட்டும். ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் வெட்டுங்க. முதலில் வெட்ட வேண்டியது விருதுப் பட்டியல். அடுத்தது அவர் பேசப்போகும் விஷயம். அதை அவரே சொல்லட்டுமே!

வெட்டிய பிறகு இப்படி நிற்கும்:

'விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டாயிரத்து இருபத்து மூன்று, ஆகஸ்ட் இருபத்து மூன்று மாலை, நிலவின் தென்துருவத்துக்கு அருகே விக்ரம் லேண்டர் இறங்கியபோது, அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். பிரக்யான் ரோவர் அங்கே ஓடிய கதையை நமக்குச் சொல்ல வந்திருக்கிறார்… வீரமுத்துவேல்!'

அரை நிமிஷத்துக்குள் முடிஞ்சிடும். பெயர் கடைசியில் வருவதால் கைதட்டலும் சரியான இடத்தில் விழும்.

வருஷத்தையும் தேதியையும் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தீங்களா? மைக் முன்னாடி '2023' என்று இருந்தால், தமிழா இங்கிலீஷா என்று நாக்கு ஒரு நொடி தடுமாறும். அதே மாதிரி 'ப.' என்பதை 'ப' என்று சொல்றதா, 'பி' என்று சொல்றதா? அவரிடமே கேட்டு, கேட்டபடி எழுதி வைங்க.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கு. 'விக்ரம்', 'பிரக்யான்' இரண்டிலும் ஒரே 'க்'தான். ஆனா முதலாவதில் 'கல்' என்பதில் வரும் ஒலி, இரண்டாவதில் 'காந்தி'யில் வரும் ஒலி. எனவே ஓரத்தில் சின்னதாக 'காந்தி க' என்று குறித்துக்கொண்டால் போதும். வெளிமாநில விருந்தினர் பெயர் என்றால் எழுத்தை நம்பவே வேண்டாம். 'உங்க பெயரைச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப முடியுமா சார்?' என்று கேளுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

அப்படியே நம்ம ஊர் பெயரையும் ஒரு வாய்ஸ் மெசேஜில் அவருக்கு அனுப்பிடுங்க. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பார்த்து 'வில்லுபுரம்' என்று ஆரம்பித்தால், பின்வரிசைப் பசங்க சும்மா விடமாட்டாங்க.

எழுதி முடித்ததை இரண்டு நாள் முன்னாடியே விருந்தினருக்கு அனுப்பி, 'ஏதாவது மாத்தணுமா?' என்று கேளுங்க. பதில் வந்த பிரதியை மட்டும் பிரின்ட் எடுங்க, பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில். பழைய வாட்ஸ்அப் பாராவை டெலிட் பண்ணிடுங்க. இல்லைன்னா பதற்றத்தில் அதைத்தான் திறந்து படிப்பீங்க.