சோறு ஆக்கியவர் புலியா?

செய்யூர் டீக்கடையில் இலங்கைப் போர் பற்றிப் பேச்சு வந்தால் எங்கோ ஓர் இடத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்: "புலிக்குச் சோறு ஆக்கிப் போட்டவனும் புலிதானே?" சட்டப்படி இல்லை. 2009-இல் வன்னியில் யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்பதே இந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது.

இரு நாடுகளின் படைகள் மோதும்போது சீருடையே ஓரளவு பதில் சொல்லிவிடும். உள்நாட்டுப் போரில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் அதே 2009-இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒருவரின் செயல் எதிர்த்தரப்புக்கு ராணுவக் கேடோ, பொதுமக்களுக்கு உயிர்ச்சேதம் போன்ற கேடோ தருவதாக இருக்க வேண்டும். கேடு அந்தச் செயலிலிருந்து நேரடியாக வர வேண்டும். ஒரு தரப்புக்காகச் செய்ததாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பொதுமகன் பாதுகாப்பை இழக்கிறார், அதுவும் அந்தச் செயல் நடக்கும் நேரம்வரை மட்டும். இயக்கத்தில் தொடர்ந்து சண்டையிடும் வேலையே பார்ப்பவர் நிலை வேறு: அதை விட்டு விலகும்வரை அவர் இலக்குதான்.

ஒரு லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். இயக்கத்தில் இல்லாத, கூலிக்கு ஓட்டுகிற ஆள். அரிசி ஏற்றிப் போனால் அவர் பொதுமகன். குண்டுகளைச் சண்டை நடக்கும் முன்னரங்குக்கே கொண்டுபோனால், போகும் நேரத்தில் அவர் இலக்கு. பின்னால் உள்ள கிடங்குக்குக் கொண்டுபோனால் அவர் இலக்கு இல்லை, லாரிதான் இலக்கு. அப்போதும் தாக்குபவர் அவர் உயிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். சமையல்காரரோ பொதுமகன்தான்.

கடினமானது, வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையின் கதை. இறுதிக் கட்டத்தில் புலிகள் கட்டாயமாக ஆள் சேர்த்தார்கள், வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தார்கள் என்று ஐ.நா. விசாரணைகள் பதிவு செய்துள்ளன. விரும்பிப் போகவில்லை என்றாலும், துப்பாக்கியோடு சண்டையில் நிற்கும்வரை அந்தப் பிள்ளையும் இலக்கு. கசப்பான விதிதான். ஆனால் துப்பாக்கியைப் போட்டுக் கையைத் தூக்கிய நொடியில், அல்லது காயப்பட்டு விழுந்த நொடியில், சிறுவனானாலும் தளபதியானாலும் சுடக்கூடாது. ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இலங்கை அவற்றில் 1959-இலேயே சேர்ந்துவிட்டது.

மக்களைப் புலிகள் கேடயமாக்கியது குற்றம். அதனால் அந்த மக்கள் இலக்காகிவிடுவதில்லை. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்ததற்கு, "உள்ளே புலிகள் இருந்தார்கள்" என்பது மட்டும் பதிலாகாது.

2009 மே மாதம் வட்டுவாகல் வழியாக வந்து ராணுவத்திடம் தங்கள் பிள்ளைகளைக் கையளித்த குடும்பங்கள் இன்னும் தேடுகின்றன. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்தில் உறவினர் முறையிடலாம். பிள்ளை இயக்கத்தில் இருந்தவர் என்பது அதற்குத் தடையில்லை. கடைசியாகப் பார்த்த இடம், தேதி, கூட இருந்தவர்கள், ஒப்படைத்த விதம் இவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அலுவலகம் கண்டறிவது யார் மீதும் குற்றவியல் பொறுப்பைச் சுமத்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வட்டுவாகலில் கையளித்துவிட்டு வந்த தாய் கேட்பதோ, பிள்ளை எங்கே என்பதோடு, யார் பொறுப்பு என்றும்.