எக்ஸெலில் ஒரு இந்தி விளையாட்டு

திருவண்ணாமலையில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தி ஓரளவு வரும். வடநாட்டு பக்தர்கள் விலை கேட்டால் மட்டும் கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டுவார். காரணம், இந்தி எண்கள். நாம் இருபத்து ஒன்பது, முப்பத்து ஒன்பது என்று அடுக்கிக் கொண்டே போவோம். இந்தியில் நூறு வரை ஏறக்குறைய எல்லா எண்ணுக்கும் தனிப் பெயர். அதிலும் ஒன்பதில் முடிபவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. 29 என்பது உன்தீஸ். அதாவது தீஸ் என்ற முப்பதுக்கு ஒன்று குறைவு. இதே கணக்கில் 59 உன்ஸட், 69 உன்ஹத்தர். 89க்கு வந்தால் இந்த வழி மாறி நவாஸீ ஆகிவிடும்.

மனப்பாடம் செய்து அலுத்துப் போன அவருக்கு, கம்ப்யூட்டரில் இருந்த எக்ஸெலிலேயே ஒரு விளையாட்டு அமைத்துக் கொடுத்தோம். நீங்களும் அமைக்கலாம்.

புதிய ஒர்க்ஷீட்டில் A1 முதல் A10 வரை 19, 29, 39, 49, 50, 59, 69, 79, 89, 99 என டைப் செய்யுங்கள். அவற்றுக்கு நேராக B செல்களில் உன்னீஸ், உன்தீஸ், உன்தாலீஸ், உன்ச்சாஸ், பச்சாஸ், உன்ஸட், உன்ஹத்தர், உன்யாஸீ, நவாஸீ, நின்யானவே என அமையுங்கள். பின் D1, D2, D60 செல்களில் முறையே இவற்றைத் தாருங்கள்.

```
=RANDBETWEEN(1,10)
=INDEX(A1:A10,D1)
=INDEX(B1:B10,D1)
```

அடுத்து A, B நெட்டு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து Hide கொடுங்கள். இனி F9 கீயைத் தட்டும் போதெல்லாம் D2வில் ஒரு விலை வரும். (சில லேப்டாப்களில் Fn கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) அதை இந்தியில் உரக்கச் சொல்லிவிட்டு, மவுஸ் வீலைச் சுழற்றி D60ல் விடையைப் பாருங்கள்.

மதிப்பெண்ணை மட்டும் பேப்பரில் எழுதுங்கள். ஷீட்டில் எதை டைப் செய்தாலும் RANDBETWEEN மீண்டும் இயங்கி, விலை மாறிவிடும். விடை பார்ப்பதற்குள் விலை மாறியிருந்தால் காரணம் இதுதான்.

இருவர் ஆடினால் சுவை கூடும். ஒருவர் D60ல் உள்ள இந்திச் சொல்லைப் படிக்க, திரையைப் பார்க்காமல் மற்றவர் எண்ணைச் சொல்ல வேண்டும். தவறினால் வித்தியாசத் தொகையை டம்ளரில் போட வேண்டும். நண்பரின் மனைவி உன்ஹத்தர் என்று படிக்க, இவர் 59 என்றார். பத்து ரூபாய் போயிற்று! கடையிலும் அதே பத்து ரூபாய்தானே போகும்?

பிறகு A, B வரிசைகளை Unhide செய்து, நன்றாகப் பழகிவிட்ட 19க்குப் பதிலாக 69ஐ இன்னொரு முறை அமைத்தோம். பத்தில் இரண்டு இடம் அதற்கே என்பதால் அடிக்கடி தலைகாட்டியது. அது பழகியதும் அந்த இடத்தில் நண்பர் கேட்டுக் கொண்டபடி 79 அமர்ந்தது.