ஒரு லட்சம் தாண்டியாச்சு, பட்டன் எங்கே?

சேனல் ஒரு லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டதும் வெள்ளி பட்டன் தானாகக் கிளம்பி வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி வராது. யூடியூப் முதலில் சேனலைப் பரிசீலிக்கிறது. தகுதி உறுதியானால்தான் யூடியூப் ஸ்டுடியோவிலும் மின்னஞ்சலிலும் அறிவிப்பு வரும், அதோடு ஒரு குறியீடும் கிடைக்கும். அதைப் பயன்படுத்தி முகவரி கொடுத்த பிறகே பொருள் அனுப்பப்படும். குறியீடு வராதவரை கூரியரில் தேட எதுவும் இல்லை. தாமதம் பரிசீலனையிலா, பார்சலிலா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

குறியீடு வரவில்லையென்றால் முதலில் ஸ்டுடியோவில் சரியான எண்ணிக்கையைப் பாருங்கள். போலிக் கணக்குகளையும் மூடப்பட்ட கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது நீக்குவதால், லட்சத்தைத் தொட்ட சேனல் மறுநாளே கீழே இறங்கியிருக்கலாம். அடுத்து ஸ்டிரைக் இருக்கிறதா என்று பாருங்கள். மதுரைச் சமையல் சேனல் ஒன்று ஏப்ரல் 2-ஆம் தேதி லட்சத்தைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் பிப்ரவரி 10-இல் சமூக வழிகாட்டுதலை மீறியதற்காக அதன் மேல் ஒரு ஸ்டிரைக் விழுந்திருக்கிறது. ஸ்டிரைக்கின் ஆயுள் 90 நாள் என்பதால் மே 11 வரை அது உயிரோடு இருக்கும். அதுவரை மட்டுமல்ல, ஸ்டிரைக் விழுந்து 365 நாள் ஆகும்வரையிலும் பட்டனை எதிர்பார்ப்பதில் பயனில்லை. வீடியோவில் ஒலித்த பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி கிளெய்ம் வந்திருந்தால் அது வேறு, அது ஸ்டிரைக் ஆகாது. இதைக் குழப்பிக்கொண்டு வீணாகக் கவலைப்படுபவர்கள் நிறைய. பிறர் வீடியோக்களை வெட்டி ஒட்டிய சேனலுக்கோ, ஸ்டிரைக்கே இல்லாவிட்டாலும் பட்டன் மறுக்கப்படலாம்.

குறியீடு வந்ததும் அவசரப்படாதீர்கள். பட்டனில் பொறிக்க வேண்டிய பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வீட்டு எண், பின்கோடு, கூரியர்காரர் அழைத்தால் எடுக்கக்கூடிய கைபேசி எண், மூன்றும் சரியாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் மட்டும் வந்து ஸ்டுடியோவில் அறிவிப்பே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். கடவுச்சொல்லோ பணமோ கேட்டால் அது மோசடிதான்.

அனுப்பியபின் டிராக்கிங் எண் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் ‘லேபிள் தயார்’ என்று மட்டும் இருந்தால் பார்சல் இன்னும் கூரியர் கைக்குப் போகவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று காட்டினால், பெரும்பாலும் அவர்கள் காத்திருப்பது உங்கள் அடையாள ஆவணத்துக்காகத்தான். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்டு அனுப்பும் செய்தி ஸ்பேம் பெட்டியில் கிடக்கலாம், அங்கேயும் பாருங்கள். ஆவணத்தில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். பெறுநர் இடத்தில் சேனல் பெயரை எழுதியவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். அதனால் பட்டனில் சேனல் பெயரும், முகவரியில் ஆதாரில் உள்ள உங்கள் பெயரும் இருக்கட்டும்.