வரிசையில் மூன்றாவது ஆள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருக்கிறது. நியூட்ரோஃபில் 1,400. நார்மல் என்று எதிரே அச்சிட்டிருப்பது 1,500 முதல் 7,500 வரை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பசியும் தூக்கமும் குறைவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டை வாங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது.

அந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

நியூட்ரோஃபில் என்பது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் முதன்மையான வகை. அதற்கு எல்லை வகுக்க, முதலில் ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அண்மையில் காய்ச்சல் வந்தவர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி ஆகியோரை விலக்குவார்கள். புகை பிடிப்பவருக்கு வெள்ளணுக்கள் கூடுதலாக இருக்கும் என்பதால் அவரையும் விலக்குவார்கள். இப்படிச் சலித்த பிறகு குறைந்தது 120 பேராவது தேறவேண்டும் என்பது உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். எல்லோருக்கும் ஒரே முறையில் ரத்தம் எடுத்து, எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துகிறார்கள்.

பிறகு இரு முனையிலும் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று கணக்கிடுகிறார்கள். 120 பேரில் அது மூன்று பேர். கீழிருந்து மூன்றாவது ஆளின் எண் கீழ் எல்லை. மேலிருந்து மூன்றாவது ஆளின் எண் மேல் எல்லை. நடுவில் நிற்கும் 95 சதவீதத்தினரின் எண்களுக்குத்தான் நார்மல் ரேஞ்ச் என்று பெயர். எல்லைக்கு வெளியே நின்றவர்களும் ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. அவர்களிடம் யாரும் எந்த நோயையும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு அவர்களை வெளியே நிறுத்தியது.

ஒரு பரிசோதனைக்கே இப்படி என்றால், மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இருபது பரிசோதனைகள் செய்துகொள்பவரின் நிலை என்ன? அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், இருபதிலும் எல்லைக்குள் நிற்பவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். மீதி 64 ஆரோக்கியமானவர்களின் ரிப்போர்ட்டில் குறைந்தது ஒரு நட்சத்திரக் குறியாவது இருக்கும். உண்மையில் பல பரிசோதனைகள் ஒன்றோடொன்று இணைந்தே ஏறி இறங்கும் என்பதால் இது சற்றுக் குறையலாம். ஆனாலும் குறியே இல்லாத ரிப்போர்ட் பலருக்கும் கிடைக்காது.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த 120 பேர் யார் என்பது. ஒவ்வொரு லேபும் 120 பேரைத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் கடினம். பெரும்பாலும் கருவி அல்லது கிட் தயாரித்த நிறுவனம் தரும் எல்லையை எடுத்துக்கொண்டு, உள்ளூரில் இருபது ஆரோக்கியமானவர்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மேல் வெளியே போகாவிட்டால் அந்த எல்லையை ஏற்கலாம். ஓர் ஊரில் எடுத்த அளவு இப்படித்தான் இன்னோர் ஊருக்குப் பயணம் போகிறது.

அது பொருந்தாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நியூட்ரோஃபிலே சாட்சி. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இருக்காது. விவாக்ஸ் மலேரியாவிலிருந்து அவர்களைக் காப்பது இந்தக் குறைதான். இதே மரபணு மாற்றத்தால் அவர்கள் ரத்தத்தில் நியூட்ரோஃபிலும் குறைவாகத் தெரியும் என்பது 2009-ல் உறுதியானது. அவர்களின் எலும்பு மஜ்ஜையில் குறையில்லை; தொற்றுநோய்கள் கூடுதலாக வருவதும் இல்லை. ஆனால் வேறு மக்களிடம் எடுத்த 1,500 என்ற கோடு அவர்களை நோயாளிகளாகக் காட்டியது.

இதனால் உண்மையான கேடும் விளைந்தது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின், அபூர்வமாக நியூட்ரோஃபிலை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மருந்தைத் தொடங்கவே மாட்டார்கள். பிறவியிலேயே எண்ணிக்கை குறைந்திருந்த கறுப்பின நோயாளிகள் பலருக்கு, அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்து இப்படிக் கிடைக்காமல் போனது. 2015-ல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்குத் தனி எல்லை வகுத்து, 1,000 இருந்தாலே தொடங்கலாம் என்றது. நோயாளிக்கு வகுத்த கோடு நோயாளியையே வெளியே தள்ளியதைத் திருத்த இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

நட்சத்திரக் குறியை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்குப் பொருளில்லை. 1,400 வேறு, 400 வேறு. 500-க்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எல்லையை ஒட்டி நிற்கும் எண்ணுக்கு மருத்துவர் சில வாரம் கழித்து மறுபடி சோதிப்பார். ஐந்தாண்டுக்கு முன்னும் இதே 1,400 இருந்ததா, அல்லது 4,000-லிருந்து இறங்கியதா என்று பார்ப்பார். அதை அவர் பார்க்க முடிவது பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான். அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.