தலைதீபாவளிச் சேலையும் கடைசித் தேதியும்

கூரியர் கடைகளின் கண்ணாடிக் கதவில் தீபாவளிக்கு முன் ஒட்டப்படும் அறிவிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குத்துவிளக்குப் படம், வாழ்த்து, அதன் கீழே "தீபாவளிக்குள் கிடைக்க அனுப்ப வேண்டிய கடைசி நாள்" என்று இரண்டு தேதிகள். தீபகற்பத்துக்கு ஒன்று, சபா, சரவாக்குக்கு ஒன்று. அடியில் எறும்பு ஊர்வது போல் சில வரிகள் இருக்கும். அவற்றை யாரும் படிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் நானும் படிக்கவில்லை.

2025-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு அது தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு சரவாக்கில், மிரிக்கு வெளியே ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. விமான டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த வருஷம் வரலைம்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். மகள் வராவிட்டால் சேலையாவது போகட்டும் என்று அக்கா முடிவு செய்தார்.

அக்டோபர் 9, வியாழக்கிழமை. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போனோம். பினாங்கு ஸ்திரீட்டில் மகளுக்குச் சேலையும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் எடுத்தோம். வீட்டில் சுட்ட முறுக்கும் ஒரு டின் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கட்டி, மாலை ஐந்து மணிக்கு ஒரு கூரியர் கடைக்குள் நுழைந்தோம்.

"டீச்சர், என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. போய்ச் சேருமா?" என்றார் அக்கா.

"சரவாக்குக்குக் கடைசி நாள் பத்தாம் தேதி. இன்னிக்கு ஒன்பதுதானே? தாராளமா நாள் இருக்குக்கா" என்றேன்.

பெட்டி போய்ச் சேர்ந்தது அக்டோபர் 21. தலைதீபாவளி முடிந்த மறுநாள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ரசீதில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் போட்டு, பெட்டி எந்த நாளில் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பது விளங்கியது.

பெட்டி போன வழி

ஜார்ஜ்டவுனில் கொடுத்த பெட்டி நேராக மிரிக்குப் பறந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான நிறுவனங்களில் அப்படி நடப்பதில்லை. கடையில் சேர்ந்த பெட்டிகளை ஒரு வேன் வந்து எடுத்துப் போகும். அவை பினாங்குக் கிடங்கில் ஒன்று சேர்ந்து, இரவு லாரியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போகும். அங்கே பெரிய கிடங்கில் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துப் பிரிப்பார்கள். சரவாக் பெட்டிகள் அங்கிருந்து விமானம் ஏறும். மிரியில் இறங்கிய பின் உள்ளூர்க் கிளைக்குப் போய், அதன் பிறகுதான் வீட்டுக்கு.

அக்காவின் பெட்டி முதல் படியிலேயே ஒரு நாளை இழந்தது. வேன் அன்று மூன்று மணிக்கே வந்து போய்விட்டது. நாங்கள் போனது ஐந்து மணிக்கு. அறிவிப்பின் சிறிய எழுத்தில் "நண்பகலுக்கு முன் ஒப்படைக்கும் பொருள்களுக்கு மட்டும்" என்று இருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஒன்பதாம் தேதி உண்மையில் பத்தாம் தேதி.

பத்தாம் தேதி வெள்ளி இரவு லாரி ஏறிய பெட்டி, சனிக்கிழமை காலை கிள்ளான் பள்ளத்தாக்கை அடைந்தது. அங்கே புதன்கிழமை வரை நகரவே இல்லை. விபத்தோ வெள்ளமோ காரணம் இல்லை. அக்டோபர் 10 என்பது இணையக் கடைகள் "10.10" என்று பெயர் வைத்து நடத்தும் மலிவு விற்பனை நாள். அன்று நாடு முழுக்க வாங்கிய பொருள்கள் அடுத்த சில நாட்களில் அதே கிடங்குகளுக்குத்தான் வந்து குவியும். அக்காவின் முறுக்கு டின் அந்தக் குவியலுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

நெரிசல் என்றால் ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதானே என்று நாம் நினைக்கிறோம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு கிளையால் ஒரு நாளில் 1,000 பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்று வையுங்கள். பண்டிகைக்கு முன் தினமும் 1,300 வருகின்றன. முதல் நாள் 300 மிச்சம். இரண்டாம் நாள் 600. ஐந்தாம் நாள் மாலை 1,500 பெட்டிகள் தரையில் கிடக்கும். ஆறாம் நாள் காலை வரும் பெட்டிக்கு முன்னால் ஒன்றரை நாள் வேலை காத்திருக்கிறது. வந்த வரிசையில் எடுத்தால்தான் இந்தக் கணக்கு. புதுப் பெட்டிகளை மேலே அடுக்கி மேலிருந்தே எடுத்தால், அடியில் இருப்பது எத்தனை நாள் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூட்டம் குறைந்த பிறகும் கணக்கு உடனே நேராகாது. தினமும் 900 மட்டுமே வந்தால், ஒரு நாளுக்கு 100 வீதம்தான் பழைய பாக்கி தீரும். 1,500 தீர 15 நாள் வேண்டும். ஐந்து நாளில் சேர்ந்த பாக்கி கழிய மூன்று மடங்கு காலம்! ஆகவே கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னால் அனுப்புவது பெரிய பாதுகாப்பு அல்ல. குவியல் எழும்புவதற்கு முன்னால் அனுப்புவதே பாதுகாப்பு.

எல்லாப் பண்டிகைக்கும் நெரிசல் ஒரே காரணத்தால் வருவதில்லை. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் கிடங்கு ஊழியர்களும் டிரைவர்களும் விடுமுறையில் ஊருக்குப் போவார்கள். குறிப்பிட்ட சில நாட்களுக்குக் கனரக லாரிகள் சாலையில் ஓடவும் அரசாங்கம் தடை போடுவது வழக்கம். தீபாவளியின்போது தொந்தரவு பெரும்பாலும் இணைய விற்பனையால் வருகிறது. தீபாவளித் தேதி வருடா வருடம் மாறுவதால், விற்பனை நாள் அதற்கு எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது என்று ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. "11.11" விற்பனைக்கு மறுநாள்!

"வேலை நாள்" யாருடைய வேலை நாள்?

அறிவிப்பில் "3 முதல் 5 வேலை நாட்கள்" என்று இருக்கும். அனுப்புகிறவர் ஊர் நாள்காட்டியை மட்டும் பார்த்து இதை எண்ணினால் தப்பாகும். பினாங்கில் ஓய்வு நாட்கள் சனி, ஞாயிறு. பக்கத்துக் கெடாவில் வெள்ளி, சனி. இரண்டு ஊருக்கும் பொதுவாகத் திறந்திருப்பது வாரத்தில் நான்கே நாள். தீபாவளி மலேசியா முழுக்க விடுமுறை, சரவாக்கில் மட்டும் இல்லை. அதனால் தீபாவளியன்று பினாங்குக் கடையில் ஆள் இல்லாவிட்டாலும், மிரியில் அது வேலை நாள்தான். அனுப்பும் ஊர், போகும் ஊர் இரண்டின் நாள்காட்டியையும் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

கடைசி மைல்

அக்காவின் பெட்டி 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மிரியில் இறங்கிவிட்டது. தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சனிக்கிழமை கொண்டுபோகிறவர் தோட்டத்துக்கு வழி கேட்கப் போன் செய்திருக்கிறார். பெறுபவர் எண் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது அக்காவின் எண்! நிபோங் திபாலில் இருந்த அக்கா, தெரியாத எண் என்று எடுக்கவில்லை. பெட்டி கிளைக்குத் திரும்பியது. நகரத்துக்கு வெளியே உள்ள அந்தத் தோட்டப் பக்கம் வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் போகும். அடுத்த நாள், செவ்வாய் 21.

தோட்டத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், வீட்டு எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, பெறுபவரின் சொந்தக் கைப்பேசி எண் எல்லாம் வேண்டும். ஆபீஸில் விட்டுப் போகலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவிடுங்கள். பெட்டிக்குள் மத்தாப்பு, பட்டாசு, வாசனைத் தெளிப்பான் எதையும் வைக்காதீர்கள். விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பெட்டியைத் தனியே எடுத்து நிறுத்திவிடுவார்கள்.

பெட்டி எங்கே சிக்கியது என்பதையும் கண்டுபிடிக்கலாம். கைப்பேசியில் "Picked Up" என்று மட்டும் இரண்டு நாளாக நின்றால், பெட்டி இன்னும் முதல் கிடங்கிலேயே பதிவாகவில்லை. கொடுத்த கடையில் கேளுங்கள். "In Transit" என்று ஒரே ஊரின் பெயரோடு நின்றால், குவியலில் இருக்கிறது. கேட்டாலும் அதை வேகப்படுத்துவது கடினம். "Out for Delivery" என்று வந்த பிறகும் மாலைக்குள் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் முகவரியிலோ போன் எண்ணிலோ கோளாறு. நாம் உடனே செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. பெறுபவரையே உள்ளூர்க் கிளைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் அடையாள அட்டையோடு நேரில் போய் எடுத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை மாலையே நான் இதைப் பார்த்திருந்தால், மாப்பிள்ளையே போய் வாங்கியிருப்பார்.

தேதியைத் தலைகீழாக எண்ணுங்கள்

அறிவிப்பில் உள்ள கடைசி நாள், எல்லாம் ஒழுங்காக நடந்தால் சேரக்கூடிய நாள். அது வாக்குறுதி அல்ல. பண்டிகைக் காலத்தில் குறித்த நாளில் சேர்ப்பதற்கான உத்தரவாதத்தை நிறுத்தி வைக்கும் நிறுவனங்கள் பல. அடியில் உள்ள சிறிய எழுத்து அதைத்தான் சொல்கிறது.

ஆகவே நான் இப்போது தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். சரவாக்குக்கு "3 முதல் 5" என்றால் பெரிய எண்ணான 5-ஐ எடுத்துக்கொள்கிறேன். நெரிசலுக்கு 3. தோட்டத்துக்கு, ஒரு தடவை தவறினால் மறு தடவை வர, 2. மொத்தம் 10 வேலை நாள். 2025-இல் இப்படி எண்ணியிருந்தால் அக்டோபர் 6, திங்கட்கிழமை நண்பகலுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்தது 9-ஆம் தேதி மாலை. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதே கணக்கில் வருவது அக்டோபர் 26. இது என் கணக்கு, எந்த நிறுவனத்தின் அறிவிப்பும் அல்ல.

முறுக்கு இரண்டு வாரம் தாங்கும். பால் இனிப்பு தாங்காது, அனுப்பவும் வேண்டாம்.

21-ஆம் தேதி மாலை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினாள் மகள். அக்கா அதை என்னிடம் காட்டி, "ஒரு நாள்தானே டீச்சர்" என்றார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இதை எழுதினேன்.