ஓர் அணியைக் காரணிகளாகப் பிரித்தல்

ஓர் அணியின் நிரைகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பெருக்கலாகவே எழுதிவிடலாம். அதே மாற்றத்தை அலகு அணியில் செய்தால் கிடைப்பதே தொடக்கநிலை அணி. அதை இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் போதும்.

முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 3, 8 என்ற அணி A-ஐ எடுப்போம்.

1. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 3 மடங்கைக் கழித்தால் அது 0, 2 ஆகும்.
2. அதைப் பாதியாக்கினால் 0, 1.
3. முதல் நிரையிலிருந்து இதன் இரு மடங்கைக் கழித்தால் அலகு அணி.

அதாவது E₃E₂E₁A = I. இனி ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்வோம்: கழித்ததைக் கூட்டி, பாதியாக்கியதை இரட்டிப்போம்.

```
A = E₁⁻¹ E₂⁻¹ E₃⁻¹

[1 2]   [1 0] [1 0] [1 2]
[3 8] = [3 1] [0 2] [0 1]
```

இவற்றின் வரிசையைத் தலைகீழாக்கினால் 13, 4. 6, 2 என்ற வேறோர் அணி வந்துவிடும். இடையில் ஒரு நிரை முழுதும் பூச்சியமானால், அந்த அணிக்கு நேர்மாறு இல்லை. இப்படிப் பிரிக்கவும் முடியாது.