1989-லேயே மியான்மர் ஆயிடுச்சு... அப்புறம் ஏன் இன்னும் 'பர்மா' பஜார்?

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி, 'மியான்மர் பஜார் எங்கே இருக்கு?'னு கேட்டுப் பாருங்க. யாருக்கும் புரியாது. 'பர்மா பஜார்'னு சொன்னால் உடனே கை காட்டுவார்கள். இத்தனைக்கும் அந்த நாடு அதிகாரபூர்வமாகப் பெயரை மாற்றியது 1989-ல். சரி, எதுக்காக மாத்தினாங்க? பழைய பெயர் ஏன் போகவே மாட்டேங்குது?

என்ன நடந்தது?

1988-ல் பர்மாவில் மக்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். போராட்டத்தை ராணுவம் துப்பாக்கியால் அடக்கியது. அதே ராணுவ அரசு, அடுத்த வருடம் ஜூன் 18 அன்று ஒரு சட்டம் போட்டது. பர்மா மியான்மர் ஆனது, ரங்கூன் யாங்கோன் ஆனது, பெகு பகோ ஆனது. ஐ.நா. சபையும் சீக்கிரமே புதுப் பெயரை ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. இந்தச் சட்டம் மாற்றியது ஆங்கிலத்தில் எழுதும் பெயரை மட்டும்தான். பர்மிய மொழியில் அந்த நாடு, 1948-ல் சுதந்திரம் வாங்கியபோதே 'மியன்மா'தான். எழுத்திலும் அரசு ஆவணங்களிலும் 'மியன்மா'ன்னு வரும், பேச்சில் 'பமா'ன்னு சொல்வார்கள். நாம் 'ஐந்து'ன்னு எழுதி 'அஞ்சு'ன்னு பேசுகிற மாதிரி. பேச்சு வழக்கைக் கேட்டு ஆங்கிலேயர்கள் வைத்ததுதான் 'பர்மா'.

'மியான்மர்' கடைசியில் வரும் 'ர்' கூட பர்மிய மொழியில் கிடையாது. 'மா' என்று நீட்டிச் சொல்லணும் என்பதற்காக, ஆங்கிலேயர் பாணியில் சேர்த்த ஒலிக்காத எழுத்து அது. நாம் எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த 'ர்'-ஐயும் சேர்த்து உச்சரிக்கிறோம்.

அரசு சொன்ன காரணம் என்ன?

'பர்மா என்பது பெரும்பான்மை பமார் இனத்தை மட்டும் குறிக்கும், மியான்மர்தான் எல்லா இனங்களுக்கும் பொது' என்றது ராணுவம். ஆனால், 1930-களில் ஆங்கிலேயரை எதிர்த்த 'தோபமா' இயக்கத்தினர் இதை அப்படியே தலைகீழாகச் சொன்னார்கள். அவர்களுக்கு 'பமா'தான் எல்லோருக்கும் பொது. இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாதம் செய்ய முடிந்தது.

அப்போ எதிர்ப்பு எதுக்கு?

எதிர்ப்பு சொல் மீதல்ல, மாற்றியவர்கள் மீது. 'மக்கள் தேர்ந்தெடுக்காத அரசுக்கு, மக்களைக் கேட்காமல் பெயரை மாற்ற என்ன உரிமை?' என்றது ஜனநாயகத் தரப்பு. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெரிய வெற்றி பெற்றும் ராணுவம் ஆட்சியைத் தரவில்லை. அதனால் 'பர்மா'ன்னு சொல்வதே ஓர் எதிர்ப்புக் குரலானது. அமெரிக்க அரசு இன்றும் அதிகாரபூர்வமாக 'பர்மா'ன்னுதான் எழுதுகிறது. இந்தியா 'மியான்மர்' என்கிறது.

2016-ல் வெளியுறவு அமைச்சரான சூச்சி, வெளிநாட்டுத் தூதர்களிடம் 'எந்தப் பெயரை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், அரசியல் சாசனத்தில் தடை இல்லை' என்ற பொருளில் பேசினார். 2021-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும், எந்தப் பெயரைச் சொல்வது என்ற கேள்வி மீண்டும் சூடானது.

நம்ம ஊரில் 'பர்மா' நிலைத்தது எப்படி?

நம்ம கதையில் இந்த அரசியல் இல்லை. 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு, கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பிழைப்பை இழந்து கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். 'பர்மா காலனி'களும் அப்படி வந்தவர்களின் குடியிருப்புகளே. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் அத்தோவும் அவர்களோடு வந்ததுதான். பிசைந்து செய்யும் உணவுக்கான பர்மியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அவர்கள் கிளம்பி வந்தபோது ஆங்கிலத்திலும் தமிழிலும் அந்த நாட்டின் பெயர் பர்மாதான். புதுப் பெயர் வருவதற்கு 20 வருடம் முன்னாடியே இங்கே கடைப் பலகையிலும் தெருப் பெயரிலும் அது ஏறிவிட்டது. ஒரு அரசு தன் வரைபடத்தை மாற்றலாம், தபால்தலையை மாற்றலாம். வேறு நாட்டில் இருக்கும் பஜாரின் பெயரை மாற்ற அதற்கு வழியில்லை.

உங்கள் வீட்டுத் தாத்தாவின் பழைய சான்றிதழில் 'ரங்கூன், பர்மா'ன்னு இருந்தால் அது தப்பு இல்லை. அவர் பிறந்த ஊர் அதே யாங்கோன்தான். இன்றைய செய்தியைச் சொல்லும்போது மியான்மர், அவர் கதையைச் சொல்லும்போது பர்மா. இரண்டுமே சரிதான்.